“இது எங்க போகும் ரீச்சர்?”: வகுப்பறையை வீடியோ எடுக்கமுன் பெற்றோருக்கு எழுதும் சம்மதக் கடிதம்

நான் முதன்முதலாக எழுதிய சம்மதக் கடிதம் மூன்று வரி. “வகுப்பறைச் செயற்பாடுகளை ஒளிப்பதிவு செய்யவுள்ளோம். தங்கள் பிள்ளை இதில் பங்குபற்ற அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கையொப்பம்.” அடுத்த நாளே எல்லாத் துண்டும் வந்து சேர்ந்தது. வன்னியில் பாடசாலைக் கடிதத்துக்குக் கையெழுத்து வைக்காத பெற்றோர் குறைவு. ரீச்சர் கேட்டால் மறுப்பது மரியாதையில்லை என்று நினைப்பார்கள்.

ஒரு அம்மம்மா மட்டும் துண்டைப் பேரனிடம் கொடுத்துவிடாமல் தானே கொண்டுவந்தார். பெருவிரல் அடையாளம் வைத்திருந்தார். தந்துவிட்டுக் கேட்டார்: “இது எங்க போகும் ரீச்சர்?”

“ரீச்சர்மாருக்குக் காட்டத்தான் அம்மா” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த வீடியோ கைமாறிக் கைமாறி இரண்டு மாதத்தில் ஒரு முகநூல் பக்கத்தில் ஏறிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வேறொரு பிள்ளையின் தாய் ஓடிவந்தார். கணவனின் அடிக்குப் பயந்து வேறு மாவட்டத்திலிருந்து பிள்ளையோடு வந்து, எங்கள் ஊரில் ஒதுங்கி இருந்தவர். வீடியோவில் மகளின் முகம் இருந்தது, சுவரில் பாடசாலையின் பெயரும் இருந்தது. “நீங்கள் கேட்டபடியாத்தான் கையெழுத்து வைச்சனான்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் கடிதம் எழுதும் முறையே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு தரம் 4 வகுப்பை எடுத்துக்கொள்கிறேன். 27 பிள்ளைகள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில், வெட்டிய பிளாஸ்டிக் போத்தலுக்குள் சிறு கல், மணல், கரி என்று அடுக்கிக் கலங்கல் குளத்துத் தண்ணீரை வடித்துப் பார்க்கிறார்கள். அந்தப் பாடத்தை வீடியோவாக்கி வலயத்து ஆசிரியர்களின் செயலமர்வில் காட்ட வேண்டும்.

பேனையை எடுக்கமுன்

கடிதம் மொட்டையாக வருவதற்குப் பெரும்பாலும் எழுத்துக் குறை காரணமில்லை. எழுதுபவருக்கே விடை தெரியாததுதான் காரணம். வீடியோ எங்கே போகும், யார் பார்ப்பார்கள், யாருடைய போனில் எடுபடும், எப்போது அழியும் என்ற நான்குக்கும் முதலில் நீங்கள் ஒரு தாளில் விடை எழுதுங்கள். ஒன்றுக்கு விடை இல்லையென்றால் கடிதத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. ஆசிரியரின் சொந்தப் போனில் எடுத்தால், அந்தப் போன் கூகிள் போட்டோஸில் தானாகப் பிரதி ஏற்றும்படி வைக்கப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் யாருக்கும் அனுப்பாமலே 27 பிள்ளைகளின் முகமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். வீட்டில் அதே கணக்கோடு இருக்கும் டப்லெட்டில் உங்கள் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஏற்பாட்டை எடுக்கும் நாளுக்கு முன்பே நிறுத்தி வையுங்கள். கமரா அமைப்பில் இடத்தைப் பதியும் தெரிவு (சில போன்களில் Location tags என்று இருக்கும்) இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

பிறகு அதிபர். கடிதத்தில் அதிபரின் கையொப்பமும் பாடசாலை முத்திரையும் இருக்க வேண்டும். அது வெறும் சடங்கு அல்ல. நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போனபின் ஒரு பெற்றோர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியது பாடசாலைதான். வெளியார் யாராவது கமராவோடு வருவதானால், ஒரு நிறுவனத்தின் திட்டமாக இருந்தாலும் சரி, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துவிட்டுக் கடிதத்தைத் தொடங்குங்கள். பெற்றோர் சம்மதித்தபின் வலயம் மறுத்தால் இருபக்கமும் பதில் சொல்லவேண்டி வரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பற்றிய தரவைச் சிறப்பு வகைத் தரவுக்குள் சேர்க்கிறது. பிள்ளைக்காகச் சம்மதம் தர வேண்டியவர் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் அதில் உண்டு. அதனால் சம்மதத்தை எப்படி மீட்பது என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

யாருக்கு எழுதுகிறோம்

“தந்தையின் பெயர், கையொப்பம்” என்று அச்சடித்த பழைய படிவத்தை வன்னியில் தயவுசெய்து பாவிக்காதீர்கள். தகப்பன் காணாமல்போன வீடு உண்டு. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளை துண்டை வாங்கி, வெறுமையாக இருக்கப்போகும் கோட்டைப் பார்க்கும். “பெற்றோர் / பாதுகாவலர்”, அதன் கீழே “பிள்ளைக்கு உறவுமுறை” என்று இரண்டு கோடு போதும்.

தாய் வெளிநாட்டில் இருந்தாலும் வாட்ஸ்அப்பில் தினமும் பேசுகிறார் என்றால், அம்மம்மாவின் கையொப்பத்தோடு தாயின் விருப்பத்தையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சிறுவர் இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு இல்லப் பொறுப்பாளர் மட்டும் கையெழுத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திடம் கேட்க வேண்டுமா என்று பொறுப்பாளரிடமே விசாரியுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்தப் பிள்ளையைக் கமராவுக்கு வெளியே வையுங்கள்.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. பெரிய எழுத்தில், வீட்டில் பேசுகிற சொல்லுக்குக் கிட்டவான தமிழில் இருக்க வேண்டும். “காட்சிப்படுத்தலுக்கு உட்படுத்தப்படும்” என்று எழுதினால், வாசிப்பவர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்க் கையெழுத்து வைத்துவிடுவார். மேலே சொன்ன பாடத்துக்கு நான் எழுதிய கடிதம் இது:

> தரம் 4 மாணவர்களின் பெற்றோர் / பாதுகாவலர்களுக்கு,
>
> வகுப்பறையில் வீடியோ எடுக்கச் சம்மதம் கேட்டல்
>
> வணக்கம். வருகிற …….. திகதி சுற்றாடல் பாடத்தில் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து கலங்கல் தண்ணீரை வடித்துப் பார்ப்பார்கள். அந்தப் பாடத்தை வீடியோ எடுக்க விரும்புகிறேன். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுத்து, அதிலிருந்து பத்து நிமிட வீடியோ ஒன்று தயாரிப்பேன். எடுப்பவர் எங்கள் பாடசாலை ஆசிரியர். வெளியார் யாரும் வரமாட்டார்கள்.
>
> வீடியோவில் பிள்ளையின் முகம், குரல், கைவேலை வரலாம். பிள்ளையின் பெயர், குடும்ப விபரம், பாடசாலையின் பெயர் எதுவும் வராது.
>
> இரண்டு விடயங்களைத் தனித்தனியாகக் கேட்கிறேன். முதலாவது: இந்த வீடியோவை எங்கள் வலயத்து ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களின் செயலமர்வில் திரையில் காட்டுவோம். பிரதி யாருக்கும் கொடுக்கமாட்டோம். இரண்டாவது: பிறகு இதை யூடியூப்பில் போட விரும்புகிறேன். அங்கே போட்டால் உலகில் யாரும் பார்க்கலாம். பின்னர் நாங்கள் அழித்தாலும், யாராவது பிரதி எடுத்திருந்தால் அதை எங்களால் அழிக்க முடியாது.
>
> நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் பிள்ளை அதே நேரத்தில், அதே வகுப்பில், அதே பாடத்தைச் செய்வார். கமரா பார்க்காத பக்கத்தில் இருப்பார். காரணம் சொல்லத் தேவையில்லை. புள்ளிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.
>
> சம்மதித்த பிறகு மனம் மாறினால் …….. திகதிக்கு முன் என்னிடமோ அதிபரிடமோ சொல்லுங்கள். பிள்ளை வரும் காட்சிகளை வெட்டிவிடுவேன். வெட்டாத முழுப் பதிவையும் செயலமர்வு முடிந்து ஒரு மாதத்துக்குள் அழிப்பேன்.
>
> கீழுள்ள துண்டை …….. திகதிக்கு முன் அனுப்புங்கள். துண்டு வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே எடுத்துக்கொள்வேன். கேட்க ஏதும் இருந்தால் பாடசாலை முடிந்தபின் அரை மணித்தியாலம் வகுப்பறையில் இருப்பேன்.
>
> வகுப்பாசிரியர் …………  அதிபர் …………
>
> ✂ - - - - - - - - - - - -
>
> பிள்ளையின் பெயர்: …………
>
> 1. வீடியோ எடுத்துச் செயலமர்வில் காட்ட: ☐ சம்மதம் ☐ சம்மதமில்லை
>
> 2. யூடியூப்பில் போட: ☐ சம்மதம் ☐ சம்மதமில்லை
>
> பெற்றோர் / பாதுகாவலர்: …………  பிள்ளைக்கு உறவுமுறை: …………
>
> கையொப்பம்: …………  திகதி: …………

இதில் எனக்கு மிக முக்கியமான வரி “காரணம் சொல்லத் தேவையில்லை” என்பது. மறுக்கும் வீட்டுக்குக் காரணம் இருக்கும், அதை எழுத்தில் கேட்டால் பொய் சொல்லவேண்டி வரும் அல்லது சம்மதிக்கவேண்டி வரும். ஒதுங்கியிருக்கும் தாய் எதை எழுதுவார்? போருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துச் சலித்த குடும்பம் எதை எழுதும்?

இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கச் சொல்லிச் சிலர் எனக்கு ஆலோசனை சொன்னார்கள், துண்டு சின்னதாகும் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. செயலமர்வு மண்டபத்தில் நாற்பது ஆசிரியர்கள் பார்ப்பதும் ஊர் உலகம் பார்ப்பதும் ஒன்றல்ல. ஒன்றாகக் கேட்டால், முதலாவதுக்கு விரும்பி இரண்டாவதுக்குத் தயங்குபவர் இரண்டுக்கும் சம்மதமில்லை என்பார், அல்லது தயக்கத்தோடு இரண்டுக்கும் சம்மதம் என்பார்.

யூடியூப்பில் Unlisted என்று போட்டால் பாதுகாப்பு என்று சொல்வார்கள். அது பூட்டு இல்லை. தேடலில் வராது, அவ்வளவுதான். இணைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் பார்க்கலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம். ஆகவே Unlisted என்று போட இருந்தாலும் இரண்டாவது கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது

எடுக்கும் நாளுக்குக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்பு அனுப்புங்கள், துண்டு திரும்ப ஒரு கிழமை கொடுங்கள். காலபோக அறுவடை நேரத்தில் இன்னும் நாள் வேண்டும். பொழுது விடியமுன் வயலுக்குப் போய் இருட்டியபின் வரும் வீட்டில், பிள்ளையின் புத்தகப் பைக்குள் கடிதம் நாலு நாள் கிடக்கும்.

வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவர்களைத் தனியே கூப்பிட்டு வாசித்துக் காட்டினால் அது வேறு வெட்கம். பெற்றோர் கூட்டத்தில் எல்லோருக்கும் முழுக் கடிதத்தையும் ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு, துண்டை அங்கேயே நிரப்ப விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் சம்மதம் என்று போடுவதைப் பார்த்துக்கொண்டு, சம்மதமில்லை என்று போடுவது ஊருக்குள் லேசான காரியமில்லை. விரல் அடையாளம் வைப்பவருக்கு, வாசித்துக் காட்டியவர் பக்கத்தில் கையெழுத்திட்டால் நல்லது.

துண்டு வராத வீட்டுக்கு ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள். இரண்டாவது முறை கேட்டால் அது வற்புறுத்தல். பிள்ளையிடம் “ஏன் இன்னும் கொண்டுவரேல்லை?” என்று வகுப்பின் நடுவில் கேட்பது அதைவிட மோசம்.

துண்டுகள் திரும்பியபின்

எங்கள் 27 பேரில் 19 பேருக்கு இரண்டு கேள்விக்கும் சம்மதம். 4 பேருக்குச் செயலமர்வுக்கு மட்டும் சம்மதம். 3 பேருக்குச் சம்மதமில்லை. ஒரு துண்டு வரவேயில்லை. அதுவும் சம்மதமின்மைதான், ஆகவே வெளியே வைக்கவேண்டியவர்கள் நான்கு பேர்.

இந்த நான்கு பேரையும் ஒரு மேசையில் தனியாக இருத்தினால் கடிதத்தில் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். “அவையள் வீடியோவில இல்லாத ஆக்கள்” என்று அரை மணித்தியாலத்தில் பெயர் வைத்துவிடுவார்கள். நான் செய்தது இப்படி: வகுப்பை ஆறு குழுவாகப் பிரித்தேன், மூன்றில் ஐந்து பேர், மூன்றில் நான்கு பேர். கமராவை ஒரு மூலையில் வைத்து, அதன் முதுகுப் பக்கம் இரண்டு குழுக்களை இருத்தினேன். அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் சம்மதமில்லாதவர்கள், ஐந்து பேர் முழுச் சம்மதம் உள்ளவர்கள். யார் எதற்காக அங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மீதிப் பதினெட்டுப் பேர் கமராவுக்கு முன்னால். செயலமர்வுக்கு மட்டும் சம்மதித்த நான்கு பேரும் அதில் ஒரே குழு. யூடியூப்புக்குத் தயாரிக்கும்போது அந்தக் குழு வரும் காட்சிகளை அப்படியே வெட்டிவிடலாம், முகத்துக்கு மேல் மங்கல் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

முதல் நாளே வெறும் வகுப்பில் அரை நிமிடம் எடுத்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் கண்ணாடி போட்ட அலுமாரி ஒன்று இருந்தது. கமராவுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் அதில் தெளிவாகத் தெரிந்தார்கள். துணி போட்டு மூடினோம்.

எடுக்கும் நாள்

காலையில் சுவர்களைச் சுற்றிப் பாருங்கள். பிறந்தநாள் அட்டவணை, வகுப்புக் கடமைப் பட்டியல், வரைந்த படத்தின் கீழே முழுப்பெயர், கொப்பி மட்டையில் பெயரும் பாடசாலையும், கழுத்துப்பட்டியில் சின்னம். பெயர் வராது என்று கடிதத்தில் எழுதிவிட்டோம், ஆகவே சுவரில் உள்ளவற்றை அன்று கழற்றிவிட்டுக் கொப்பிகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சின்னத்தைக் கழற்ற முடியாவிட்டால் கிட்டக் காட்சிகளைக் கைகளில் எடுங்கள். இந்தப் பாடத்துக்கு அதுவே அழகு. கரியை அழுத்தும் விரல்களும் போத்தல் வாயால் சொட்டும் தண்ணீரும் ஆசிரியர்களுக்கு முகத்தைவிடக் கூடச் சொல்லும்.

காட்சியை விடக் குரல்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. கமராவுக்குப் பின்னால் இருந்த பிள்ளையைப் பழக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அந்தப் பிள்ளை பதிலும் சொன்னது. முகமில்லை, ஆனால் பெயரும் குரலும் பதிவாகிவிட்டன. அந்தத் துண்டை வெட்டவேண்டி வந்தது. இப்போது அன்றைக்குக் குழுக்களுக்குக் குளத்தின் பெயர் வைக்கிறேன். “இரணைமடு சொல்லுங்கோ, முத்தையன்கட்டு என்ன செய்யினம்?” என்று கேட்டால் யாருடைய பெயரும் வராது. பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும்.

பிள்ளையின் சம்மதம் என்று ஒன்றும் உண்டு. தாய் கையெழுத்து வைத்திருந்தும், கமரா வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு மேசைக்குக் கீழே ஒளிக்கிற பிள்ளை இருக்கும். தொடங்கமுன் எல்லோருக்கும் சொல்லுங்கள்: வர விருப்பமில்லாதவர் வந்து காதுக்குள் சொல்லலாம். கமராவின் முதுகுப் பக்கக் குழுக்களில் இரண்டு கதிரை கூடுதலாகப் போட்டு வையுங்கள்.

எடுத்தபின்

பதிவை ஒரே இடத்தில் வையுங்கள். எங்களுடையது அதிபர் அறைக் கணினியில் கடவுச்சொல் போட்டு இருந்தது. செயலமர்வுக்குப் பென்ட்ரைவில் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அதையே திரும்பக் கொண்டுவந்தேன். அங்கே யாராவது “ரீச்சர், குறூப்பில போட்டுவிடுங்கோவன்” என்று கேட்பார்கள். என் பழைய வீடியோ கைமாறியது அந்த வழியால்தான். வாட்ஸ்அப்பில் நீங்கள் பிறகு அழித்தாலும், தரவிறக்கியவரின் போனில் அது இருக்கும். கடிதத்தின் ஒரு பிரதியைப் பையில் வைத்திருந்து “பிரதி கொடுக்கமாட்டோம்” என்ற வரியைக் காட்டினால் வாக்குவாதம் வளராது.

அழிப்பதாகச் சொன்ன நாளைச் சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள். எடுத்த போன், கணினி, மெமரி காட், பென்ட்ரைவ் நான்கிலும் பாருங்கள். தவறிக் கூகிள் போட்டோஸில் ஏறியிருந்தால், அழித்ததும் அது முற்றாகப் போய்விடாது. குப்பைக் கூடையில் 60 நாள் கிடக்கும், அதையும் வெறுமையாக்க வேண்டும். சம்மதத் துண்டுகளை மட்டும் அழிக்கக்கூடாது. வீடியோ எங்காவது இருக்கும்வரை, யார் எதற்குச் சம்மதித்தார் என்பதற்கு அவைதான் ஆதாரம். வகுப்பு, ஆண்டு எழுதி ஒரு கோவையில் போட்டு அதிபரிடம் கொடுங்கள்.

வராமல் இருந்த அந்த ஒரு துண்டு, வீடியோ எடுத்து மூன்றாம் நாள் வந்தது. இரண்டு கேள்விக்கும் சம்மதம். தாய் அறுவடைக்குப் போயிருந்ததால் பிந்திவிட்டதாம். பிள்ளைக்கு முகம் வாடிப்போயிருந்தது. அதற்காக வகுப்பைத் திரும்பக் கூட்டிப் பிள்ளையை நடிக்கவைத்து எடுக்கவில்லை. அடுத்த தவணைப் பாடத்துக்குப் புதிய கடிதம் போனபோது முதலாவதாக வந்தது அந்த வீட்டுத் துண்டுதான்.